பள்ளி மாணவர்களுக்கு ஸ்கேன் கருவிகளைப் பற்றிப் பேசப் போனேன்: ஒரு ரேடியோகிராபரின் அனுபவம்

பதினாறு ஆண்டுகளாக ரேடியோகிராபராக வேலை செய்கிறேன். எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ மூன்றிலும் நாள்தோறும் கை வைத்திருப்பவன் என்பதால், ஒரு பள்ளியிலிருந்து ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு "ஸ்கேன் கருவிகள் எப்படிப் படம் எடுக்கின்றன" என்று முக்கால் மணி நேரம் பேச முடியுமா என்று கேட்டபோது தயங்காமல் ஒப்புக்கொண்டேன். அதற்காக மூன்று வாரம், வேலை முடிந்து வந்த மாலை நேரங்கள் எல்லாவற்றையும் செலவழித்தேன், இரண்டு நாள் விடுப்பும் எடுத்தேன். அப்படியிருந்தும் அந்த முதல் பேச்சு நன்றாக அமையவில்லை. அதைவிட, சரியான விடை சொன்ன ஒரு மாணவரிடம் எல்லோர் முன்னிலையிலும் "தவறு" என்று சொல்லிவிட்டேன். இதற்கு முன் இப்படிப் பேசிய யாரையும் எனக்குத் தெரியாததால், எச்சரிக்கவும் ஒருவரும் இல்லை. இதே வேலைக்குப் போகும் இன்னொருவருக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தயாரிப்பில் முதலில் இடறியது படங்களில். எங்கள் துறையில் நல்ல படங்களுக்குக் குறைவில்லை என்பதால் எலும்பு முறிவு, நுரையீரல், மூளை, கருவிலிருக்கும் குழந்தை என்று அறுபதுக்கும் மேற்பட்ட ஸ்லைடுகள் சேர்த்துவிட்டேன். துறைத் தலைவரிடம் அனுமதி கேட்பதைக் கடைசி வாரம் வரை தள்ளிப்போட்டது என் பிழை. கோப்பில் நோயாளியின் பெயர் பதிவாகும் பகுதியை நீக்கிவிட்டேன், அது போதும் என்று நினைத்திருந்தேன். ஆனால் அல்ட்ராசவுண்ட் படங்களில் பெயரும் தேதியும் பதிவெண்ணும் படத்தின் மேல் ஓரத்திலேயே எழுத்தாகப் பதிந்திருக்கும். அவை படத்தின் புள்ளிகளாகவே மாறிவிடுவதால், கோப்பின் விவரப் பகுதியை எவ்வளவு துடைத்தாலும் அப்படியே நிற்கும். பேச்சுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு சக ஊழியர் அதைச் சுட்டிக்காட்டியபோது எனக்கு வியர்த்துவிட்டது. அந்த இரண்டு மாலையும் படங்களை நீக்குவதிலேயே போயின. இப்போது நோயாளிகளின் படம் ஒன்றைக்கூட நான் எடுத்துப்போவதில்லை. சிடி கருவி சரியாக இருக்கிறதா என்று சோதிக்க நாங்கள் வைத்துப் பார்க்கும் தண்ணீர் நிரப்பிய உருளையின் படமும், உள்ளே பல பொருள்களாலான கோல்கள் பொருத்திய சோதனை உருளையின் படமும் போதும். யாருடைய உடலும் அதில் இல்லை, எந்தக் கோல் எங்கே இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரியும் என்பதால் பாடத்துக்கும் அவையே ஏற்றவை.

பேச்சு நாளன்று ஒரு கேள்வியோடு தொடங்கினேன்: "சிடி ஸ்கேன் கருவியின் வளையத்துக்குள் என்ன இருக்கிறது?" பெரும்பாலானோர் சொன்ன பதில் "கேமரா". உடலின் உள்ளே வெளிச்சம் போட்டு ஒரு கேமரா படம் பிடிக்கிறது என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். அதைக் கேட்டதும் நான் தயாரித்திருந்த பாதி ஸ்லைடுகள் பயனற்றவை என்று புரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அவை எல்லாம் முடிந்த படங்கள். முடிந்த படத்தைக் காட்டினால் கேமரா என்ற எண்ணம் இன்னும் உறுதிப்படுமே தவிர விலகாது. நானோ அதைக் கவனிக்காமல் எக்ஸ்ரேக்குப் போனேன். 1895 நவம்பர் 8 அன்று ரான்ட்ஜன் தன் ஆய்வகத்தில் புதிய கதிர்களைக் கண்டது, அதே டிசம்பரில் மனைவியின் கையைப் படம் எடுத்தது, அதில் எலும்புகளும் மோதிரமும் நிழலாகத் தெரிந்தது எல்லாம் சொன்னேன். எக்ஸ்ரே என்பது நிழல், அடர்த்தியான எலும்பு கதிரை அதிகமாக உறிஞ்சுவதால் அந்த இடம் வெளுப்பாக வருகிறது என்பது வரை அவர்கள் எளிதாகப் பின்தொடர்ந்தார்கள். சிடிக்கு வந்தபோதுதான் தடுமாற்றம்.

சிடி ஸ்கேன் நிழல்களிலிருந்து உள்ளே இருப்பதைக் கணக்கிட்டுக் கண்டுபிடிக்கிறது என்பதை விளக்க, கரும்பலகையில் நான்கு அறைகள் கொண்ட ஒரு சதுரம் வரைந்தேன். ஒவ்வோர் அறையிலும் ஓர் எண் மறைந்திருக்கிறது. கதிர் எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியில் உள்ள எண்களின் கூட்டுத்தொகை மட்டுமே வெளியே இருக்கும் உணரிக்குத் தெரியும். நான் மனத்தில் வைத்திருந்தவை மேல் வரிசையில் 1, 3. கீழ் வரிசையில் 4, 2. ஆகவே மேல் வரிசையின் தொகை 4, கீழ் வரிசையின் தொகை 6, இடது நிரலின் தொகை 5, வலது நிரலின் தொகை 5 என்று எழுதிவிட்டு, "உள்ளே என்ன எண்கள் இருக்கின்றன?" என்று கேட்டேன். வகுப்பு முதன்முறையாகச் சுறுசுறுப்பானது. இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "மேலே 2, 2, கீழே 3, 3 சார்" என்றார். என் விடை அது இல்லை. நேரமும் குறைவாக இருந்தது. "தவறு, உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டு, அடுத்தவரைக் கேட்டு, கடைசியில் நானே 1, 3, 4, 2 என்று எழுதி முடித்தேன். அந்த மாணவர் உட்கார்ந்து தன் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மீண்டும் கை தூக்கவில்லை.

அன்று இரவு அந்த எண்கள் மனத்தை விட்டுப் போகவில்லை. 2-உம் 2-உம் 4. 3-உம் 3-உம் 6. மேலிருந்து கீழாக 2-உம் 3-உம் 5, மறுபடியும் 5. நான் கொடுத்த நான்கு தொகைகளுக்கும் அவர் விடை அப்படியே பொருந்தியது. தவறு அவரிடம் இல்லை, என் கணக்கில்தான். தூங்க முடியாத அளவுக்கு வெட்கமாக இருந்தது. பதினாறு ஆண்டுகள் இந்தக் கருவியோடு பழகியும், அது ஏன் அத்தனை கோணங்களில் சுற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது என்பதை நான் கவனித்ததே இல்லை. அதை அந்த மாணவர் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார், நான் அதை அடித்துவிட்டு வந்திருந்தேன்.

இதில் நடப்பது என்னவென்றால், நான்கு அறைகளுக்கு நான்கு தொகைகள் இருக்கின்றனவே, போதும் என்று தோன்றும். உண்மையில் அவற்றுள் ஒன்று உபரி. இரண்டு வரிசைகளைக் கூட்டினாலும் மொத்தம் 10, இரண்டு நிரல்களைக் கூட்டினாலும் மொத்தம் 10; ஆகவே மூன்று தொகைகள் தெரிந்தால் நான்காவது தானாகவே வந்துவிடும், அது புதிய தகவல் எதையும் தருவதில்லை. நான்கு தெரியாத எண்களுக்கு மூன்றே தகவல்கள் என்றால் விடை ஒன்றுக்கு மேல் இருக்கத்தான் செய்யும். இடது மேல் அறையில் 1 கூட்டி, வலது மேல் அறையில் 1 கழித்து, இடது கீழ் அறையில் 1 கழித்து, வலது கீழ் அறையில் 1 கூட்டிப் பாருங்கள்: எந்த வரிசையின் தொகையும் மாறாது, எந்த நிரலின் தொகையும் மாறாது. 1, 3, 4, 2 என்பது 2, 2, 3, 3 ஆகிவிடும். உடலுக்கு இதைப் பொருத்திச் சொன்னால், முன்னிருந்து ஓர் எக்ஸ்ரே, பக்கவாட்டிலிருந்து ஓர் எக்ஸ்ரே என இரண்டே நிழல்களை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பது இதுதான் என்று அறுதியிட்டுவிட முடியாது. வெவ்வேறு அமைப்புகள் ஒரே இரண்டு நிழல்களைத் தரக்கூடும்.

விடியற்காலையில் மூலைவிட்டங்களைச் சேர்த்துப் பார்த்தேன். இடது மேலிருந்து வலது கீழ் செல்லும் மூலைவிட்டத்தில் 1-உம் 2-உம், தொகை 3. மற்றொன்றில் 3-உம் 4-உம், தொகை 7. இவ்விரண்டும் சேர்ந்தபோது விடை ஒன்றே ஒன்றாக ஆனது. அதைக் கண்டுபிடிக்கும் வழியும் எளிதாக அமைந்தது. முதலில் மேல் வரிசையின் 4-ஐ இரண்டு அறைகளுக்கும் சமமாகப் பங்கிடுகிறோம்: 2, 2. கீழ் வரிசையின் 6-ஐப் பங்கிடுகிறோம்: 3, 3. நிரல்களைச் சரிபார்த்தால் இரண்டும் 5, திருத்தம் தேவையில்லை. அடுத்து மூலைவிட்டம்: இடது மேல் 2, வலது கீழ் 3, கூட்டினால் 5 வருகிறது, வரவேண்டியது 3. இரண்டு அதிகம், ஆகவே இரண்டிலும் ஒவ்வொன்றைக் கழிக்கிறோம்: 1, 2. மற்ற மூலைவிட்டத்தில் 2-உம் 3-உம் 5 ஆகின்றன; வரவேண்டியது 7. இரண்டு குறைவு, ஆகவே இரண்டிலும் ஒவ்வொன்றைக் கூட்டுகிறோம்: 3, 4. மேலே 1, 3. கீழே 4, 2 கிடைத்துவிட்டது. அந்த மாணவர் சொன்ன 2, 2, 3, 3 என்பது இந்த வழியில் நடுவில் வந்து நிற்கும் படிதான். அவர் பாதி வழி சரியாக வந்திருந்தார்; மீதி வழிக்குத் தேவையான கோணங்களை நான்தான் கொடுக்கவில்லை.

இந்த வழி வகுப்பறைக்காக நான் புனைந்ததும் அல்ல. பங்கிட்டு, ஒப்பிட்டு, திருத்தி, மறுபடி ஒப்பிடுவது என்ற இதே முறையைத்தான் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய முதல் சிடி கருவி அடிப்படையாகக் கொண்டிருந்தது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் விம்பிள்டன் பகுதியில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலையை அது படம் எடுத்தது. படத்தில் பக்கத்துக்கு 80 வீதம் 6,400 அறைகள். கருவி ஒவ்வொரு பாகையாகத் திரும்பி 180 கோணங்களில், கோணத்துக்கு 160 அளவுகள் எடுத்தது. மொத்தம் 28,800 தொகைகள். தெரியாத எண்கள் 6,400, அவற்றைப் பற்றிய தகவல்கள் 28,800 என்று சொன்னவுடன், நான்கு அறைக்கு நான்கு தொகை போதவில்லை என்பதைக் கையால் போட்டுப் பார்த்த மாணவர்களுக்கு அந்தப் பெரிய எண்ணின் தேவை விளங்கிவிடுகிறது. முன்பு நான் இதே எண்களைச் சொன்னபோது, அவர்கள் எழுதிக்கொண்டதோடு சரி.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கதிர் உண்மையில் கூட்டல் கணக்குப்படி குறைவதில்லை, பெருக்கல் கணக்குப்படி குறைகிறது. ஓர் அலகுப் பொருள் கதிரைப் பாதியாக்கினால், இரண்டு அலகு காலாக்கும், மூன்று அலகு அரைக்கால் ஆக்கும். உணரியில் பதினாறில் ஒரு பங்கு வந்து சேர்ந்தால், வழியில் நான்கு அலகு இருந்தது என்று கருவி பின்னோக்கிக் கணக்கிட்டுத் தொகையை எடுத்துக்கொள்கிறது. பத்தாம் வகுப்புக்கு இவ்வளவு போதும். மடக்கை என்ற சொல்லை அங்கே கொண்டுவந்தால் பேச்சு அதன் பின்னால் போய்விடும், கட்டம் மறந்துவிடும். அடுத்து, விடையாக வரும் எண்களுக்கு மருத்துவமனையில் ஓர் அளவுகோல் உண்டு என்பதைத் தண்ணீர் உருளைப் படத்தை வைத்துக் காட்டலாம். தண்ணீர் 0, காற்று கழித்தல் 1,000, கொழுப்பு ஏறத்தாழ கழித்தல் 100. இந்த அலகுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தண்ணீர் உருளையின் நடுவில் 0-க்கு மிக அருகில் எண் வராவிட்டால் அன்று கருவியைச் சரிபார்த்த பிறகே நோயாளியைப் படுக்க வைப்போம் என்று சொன்னபோது, படம் என்பது எண்களால் ஆனது என்பது அவர்களுக்கு உறைத்தது. கேமரா என்ற எண்ணம் அங்கேதான் விலகியது.

அல்ட்ராசவுண்டுக்கு நான் முதலில் ஒதுக்கியது பன்னிரண்டு ஸ்லைடுகள். இப்போது ஒரு கணக்கு மட்டும் போடுகிறேன். உடலின் மென்திசுக்களில் ஒலி வினாடிக்கு 1,540 மீட்டர் போகும் என்று கருவி வைத்துக்கொள்கிறது. அனுப்பிய ஒலித்துடிப்பு 65 மைக்ரோவினாடி கழித்து எதிரொலியாகத் திரும்பினால், எதிரொலித்த பொருள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? பெருக்கினால் 10 சென்டிமீட்டர் வரும், பாதிப் பேர் அதையே விடையாகச் சொல்வார்கள். போனதும் வந்ததும் சேர்ந்து 10 என்பதால் ஆழம் 5 சென்டிமீட்டர். முன்பு பட்ட பாட்டினால், 10 என்று சொன்னவரிடம் "தவறு" என்று சொல்லாமல், "ஒலி எங்கிருந்து எங்கே போய் வந்தது என்று கையால் வரைந்து காட்டுங்கள்" என்று கேட்கிறேன், வரையும்போதே திருத்திக்கொள்கிறார்கள். கொழுப்பில் ஒலியின் வேகம் 1,450 அளவுக்குக் குறையும், ஆனால் கருவி 1,540 என்றே நம்பிக் கணக்கிடும், ஆகவே பொருள் இருக்கும் இடத்தைவிடச் சற்று ஆழத்தில் இருப்பதாகக் காட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வதுண்டு. தோலில் ஏன் ஜெல் தடவுகிறோம் என்பது எப்போதும் வரும் கேள்வி. கருவிக்கும் தோலுக்கும் நடுவில் மெல்லிய காற்றுப் படலம் இருந்தாலே ஒலி அநேகமாக முழுவதும் அங்கேயே திரும்பிவிடும், உள்ளே போகாது என்பதுதான் பதில்.

எம்ஆர்ஐயில்தான் நான் காசையும் வீணாக்கினேன். காந்தப்புலம் கூடினால் உடலின் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் எழுப்பும் சைகையின் அதிர்வெண்ணும் கூடும். அதனால் உடலின் ஒரு முனையில் புலத்தைச் சற்றுக் கூட்டி மறுமுனையில் குறைத்து வைத்தால், சைகையின் அதிர்வெண்ணைக் கொண்டே அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம். 1973-இல் பால் லாட்டர்பர் இந்த வழியில்தான் தண்ணீர் நிரப்பிய இரண்டு சிறு குழாய்களைப் படமாக்கிக் காட்டினார். இதை விளக்கத் திசைகாட்டியின் முள்ளைப் பயன்படுத்த எண்ணினேன். முள்ளை லேசாகத் தட்டிவிட்டால் அது இப்படியும் அப்படியும் ஆடும். பக்கத்தில் ஒரு காந்தத்தைக் கொண்டுவந்தால் ஆட்டம் விரைவாகும், இன்னும் அருகே கொண்டுவந்தால் இன்னும் விரைவாகும். இதற்காக ஆறு திசைகாட்டிகள் வாங்கிப் போனேன். வகுப்பில் தட்டினால் முள் ஒருமுறை திரும்பி அப்படியே நின்றுவிட்டது, ஆறிலும் அதேதான். அவை திரவம் நிரப்பியவை என்பதை நான் கவனிக்கவில்லை. நடந்துகொண்டே பார்ப்பவருக்கு முள் ஆடக்கூடாது என்பதற்காகவே அவற்றில் திரவத்தை நிரப்புகிறார்கள். அன்று மாணவர்கள் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தேன். அந்த நிமிடங்கள் மிக நீளமாக இருந்தன. இதைச் செய்ய நினைப்பவர்கள் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும், திரவம் இல்லாத சாதாரணத் திசைகாட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, பத்து வினாடியில் முள் எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். காந்தம் தூரத்தில் இருந்தபோது ஒரு குழு 7 முறை எண்ணியது, அருகே வைத்தபோது 15 முறை. மேடையில் வைத்து ஒருவர் செய்தால் கடைசி வரிசைக்கு எதுவும் தெரியாது.

இந்த ஒப்புமை எதுவரை போகும் என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை. திசைகாட்டி முள்ளின் ஆட்டம் புலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடுகிறது, புலம் நான்கு மடங்கானால் ஆட்டம் இரண்டு மடங்காகும். ஹைட்ரஜனின் அதிர்வெண் அப்படியல்ல, புலத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது, டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ். பல மருத்துவமனைகளில் உள்ள 1.5 டெஸ்லா கருவியில் அது ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ். 10 சென்டிமீட்டர் இடைவெளியில் புலம் 1 மில்லிடெஸ்லா வேறுபட்டால் அதிர்வெண் 42.6 கிலோஹெர்ட்ஸ் மாறும். 64 மெகாஹெர்ட்ஸுக்கு முன்னால் அது மிகச் சிறிய வேறுபாடு, ஆனால் கருவி அதைத் துல்லியமாகப் பிரித்துவிடும். இந்த எண்களை இயற்பியல் ஆசிரியர் இருக்கும் வகுப்பில் மட்டும் சொல்கிறேன், மற்ற இடங்களில் முள் ஆடுவதை எண்ணுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதல் பேச்சு முடிந்து நான்காம் நாள் அந்தப் பள்ளி ஆசிரியைக்கு எழுதி, இருபது நிமிடம் மறுபடி தர முடியுமா என்று கேட்டேன். காரணத்தையும் மறைக்காமல் எழுதினேன். இரண்டு வாரம் கழித்துப் போனபோது ஸ்லைடு எதையும் கொண்டுபோகவில்லை. கரும்பலகையில் அதே சதுரத்தை வரைந்து, அந்த மாணவரைப் பெயர் சொல்லி அழைத்து, "நீங்கள் சொன்ன விடை சரி. நான் தவறு என்று சொன்னதுதான் பிழை" என்றேன். அவர் முதலில் நம்பவில்லை. நான்கு தொகைகளையும் அவரையே கூட்டிப் பார்க்கச் சொன்னேன். பிறகு மூலைவிட்டத் தொகைகளை எழுதி, அவர் விடையிலிருந்து தொடங்கியே மற்றவர்களைத் திருத்தச் சொன்னேன். மூன்று நிமிடத்தில் வகுப்பு 1, 3, 4, 2-க்கு வந்துவிட்டது. அன்று முதல் வேறு எந்தப் பள்ளிக்குப் போனாலும் நான் முதலில் நான்கு தொகைகளை மட்டுமே கொடுக்கிறேன். அநேகமாக எல்லா வகுப்பிலும் யாராவது இரண்டாவது விடையைக் கண்டுபிடிக்கிறார்கள். யாரும் கண்டுபிடிக்காவிட்டால் நானே 2, 2, 3, 3 என்று எழுதி, இதில் என்ன குறை என்று கேட்கிறேன். குறை எதுவும் இல்லை என்று அவர்கள் சொல்லும் வரை காத்திருப்பதுதான் முக்கியம். அதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அந்த நேரத்தை ஸ்லைடுகளால் நிரப்பிவிடக் கூடாது.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. நாற்பத்தைந்து நிமிடத்தில் இருபது நிமிடம் கட்டத்துக்கு, பத்து நிமிடம் முள்ளுக்கு, ஐந்து நிமிடம் எதிரொலிக் கணக்குக்கு என்று ஒதுக்கி, மீதியைக் கேள்விகளுக்கு விடுங்கள். கேள்விகளில் கதிர்வீச்சு பற்றியது கட்டாயம் வரும், அதுவும் வீட்டில் யாருக்காவது அண்மையில் ஸ்கேன் எடுத்திருந்தால் பயத்தோடு வரும். படம் எடுத்து முடிந்த பிறகு அறையிலோ அவர் உடம்பிலோ கதிர் தங்கியிருக்குமா என்று ஒரு சிறுமி கேட்டார். விளக்கை அணைத்தால் அறையில் வெளிச்சம் தங்குவதில்லை, எக்ஸ்ரே குழாயை நிறுத்தினாலும் அப்படித்தான். அல்ட்ராசவுண்டிலும் எம்ஆர்ஐயிலும் எக்ஸ்ரே கிடையவே கிடையாது என்று சொன்னேன். யாருடைய உடல்நிலையைப் பற்றியும் வகுப்பில் கருத்துச் சொல்வதில்லை, அந்தக் கேள்விகளை ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்கச் சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்கள் கழித்து மற்றொரு பள்ளியில், கட்டத்தை முடித்த பிறகு ஒரு மாணவி, "ஓர் அறையில் இரும்பு இருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டார். நான் விடையைச் சொல்லவில்லை. இடது மேல் அறையில் 1-க்குப் பதிலாக இரும்பு என்று எழுதி, உணரியால் 10-க்கு மேல் எண்ண முடியாது என்று ஒரு விதியை வைத்து, எல்லாத் தொகைகளையும் அவரையே எழுதச் சொன்னேன். இரும்பு வழியாகப் போகும் மேல் வரிசை, இடது நிரல், முதல் மூலைவிட்டம் மூன்றும் 10 என்று நின்றுவிட்டன. மீதி மூன்றும் முன்போலவே 6, 5, 7. அவர் மொத்தங்களைப் போட்டுப் பார்த்தார். வரிசைகளின் மொத்தம் 16, நிரல்களின் மொத்தம் 15, மூலைவிட்டங்களின் மொத்தம் 17. முன்பு மூன்றும் 10 ஆக இருந்தன. "ஒரே சதுரத்துக்கு மூன்று வேறு மொத்தங்கள் வருகின்றனவே, இதற்கு எந்த எண்களைப் போட்டாலும் பொருந்தாதே" என்றார். உலோகக் கோல் பொருத்திய சோதனை உருளையின் படத்தை அப்போதுதான் திரையில் போட்டேன். கோலைச் சுற்றிலும் வெளுப்பும் கருப்புமாகக் கீற்றுகள் விளிம்புவரை பாய்ந்திருந்தன. அவர் திரைக்கு அருகே வந்து, ஒரு கீற்றின் மேல் விரலை வைத்துக் கோல் வரை கொண்டுபோய், "இது பொருந்தாத வரிசை" என்றார்; குறுக்காகப் போன இன்னொரு கீற்றைத் தொட்டு, "இது மூலைவிட்டம்" என்றார்.